500 அறுவை, அதில் மாடு எத்தனை?

பொள்ளாச்சி மாதிரி ஓர் ஊரில் தனியார் கால்நடை மருத்துவமனை ஒன்று டாக்டர் வேண்டுமென்று விளம்பரம் கொடுக்கிறது. காலையில் நாயும் பூனையும் வரும். மற்ற நேரத்தில் தோட்டங்களிலிருந்து மாட்டுக்குக் கூப்பிடுவார்கள். மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு, அறுவை சிகிச்சை அனுபவம், பெரிய கால்நடைகளைக் கையாளும் திறன் ஆகிய மூன்றும் வேண்டும் என்கிறது விளம்பரம்.

இதற்கு ஒரு ரெஸ்யூமே வருவதாக வைத்துக்கொள்வோம். 2020இல் பி.வி.எஸ்ஸி. பட்டம், பிறகு ஒரு வருடம் தெருநாய் கருத்தடை மையம், அதன்பின் சென்னையில் செல்லப்பிராணி கிளினிக். ‘500க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள்’ என்று ஒரு வரி. ‘பெரிய கால்நடைகளில் நல்ல அனுபவம்’ என்று இன்னொரு வரி. மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று நிபந்தனையும் நிறைவேறிவிட்டது போலத் தெரியும். உண்மையில் இந்தத் தாள் உறுதியாகச் சொல்வது மிகக் கொஞ்சம்தான்.

பதிவை முதலில் முடித்துவிடலாம், அதில் ஊகத்துக்கு இடமில்லை. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவுபெற்றவர்தான் கால்நடை மருத்துவம் பார்க்கலாம், நலச் சான்றிதழில் கையெழுத்துப் போடலாம். பட்டம் மட்டும் போதாது. ஐந்தரை ஆண்டுப் படிப்பின் கடைசி ஒரு வருடம் உள்ளுறைப் பயிற்சி. அந்தக் காலத்துக்குத் தருவது தற்காலிகப் பதிவு. சிலர் அந்த எண்ணையே ரெஸ்யூமேயில் விட்டுவைத்திருப்பார்கள். ஆகவே எண்ணோடு நிற்காமல் சான்றிதழையே வாங்கிப் பார்க்க வேண்டும். நிரந்தரப் பதிவா, எந்த மாநிலத்தில், புதுப்பித்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டுக் கவுன்சிலில் சரிபார்த்தால் இந்த வேலை முடிந்தது. கேரளத்தில் பதிந்தவர் பொள்ளாச்சியில் வேலைக்கு வந்தால், பதிவைத் தமிழ்நாட்டுக்கு மாற்றிக்கொள்ள என்ன செய்திருக்கிறார் என்று கேட்க வேண்டும்.

500 அறுவை என்பதுதான் நின்று நிதானித்துப் படிக்க வேண்டிய வரி. கருத்தடை மையத்தில் ஒரு நாளில் பல நாய்களுக்கு அறுவை நடக்கும். ஒரு வருடத்தில் 500 என்பது அங்கே நம்பக்கூடிய எண்ணிக்கைதான். அதைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. கை வேகம், ரத்தக்குழாயை இறுக்கிக் கட்டும் நிதானம், மயக்க மருந்தின் அளவு எல்லாம் அங்கே நன்றாகவே படியும். ஆனால் அந்த 500இல் பெரும்பாலானவை ஒரே அறுவை, அதுவும் ஆரோக்கியமான நாய்க்கு, நேரம் குறித்து வைத்துச் செய்தது. கருப்பையில் சீழ் கட்டிச் சோர்ந்துபோன பெண்நாய் இரவில் வந்தால் நிலைமை வேறு. நீர்ச்சத்தை ஏற்றி உடலைத் தேற்ற வேண்டும், மயக்க மருந்தை அதன் நிலைக்குத் தக்கபடி தீர்மானிக்க வேண்டும், சீழ் நிறைந்த கருப்பையைக் கிழியாமல் வெளியே எடுக்க வேண்டும். அந்த 500இல் இப்படிப்பட்டவை எத்தனை என்பதை எண்ணிக்கை மட்டும் சொல்லாது.

அதனால் கேட்க வேண்டியது கேஸ் பட்டியல். என்ன விலங்கு, என்ன அறுவை, இவர் தானே செய்தாரா, உடன் நின்று உதவினாரா, பார்த்துக்கொண்டிருந்தாரா, முடிவு என்ன ஆனது என்பது அதில் இருக்க வேண்டும். ‘அனுபவம்’ என்ற சொல்லுக்குள் செய்ததும் உதவியதும் பார்த்ததும் ஒன்றாகப் புதைந்துவிடுகின்றன. உள்ளுறைப் பயிற்சியில் பேராசிரியருக்கு எதிரே நின்று கருவி எடுத்துக் கொடுத்ததும் அதே சொல்லுக்குள் அடங்கும். ஒழுங்காகக் குறிப்பு வைத்திருக்கும் டாக்டர் இந்தப் பட்டியலைத் தயங்காமல் தருவார். இறந்துபோன கேஸையும் அதில் எழுதியிருந்தால் அவர்மேல் எனக்கு நம்பிக்கை கூடும்.

விளம்பரத்தில் இரண்டாவதும் மூன்றாவதும் தனித்தனி நிபந்தனைகளாக நிற்கின்றன. மாட்டைப் பொறுத்தவரை அவை இரண்டும் ஒன்றேதான். நாயை முழு மயக்கத்தில் மேசையில் படுக்க வைத்து அறுக்கிறோம். பசு நெகிழிப் பையைத் தின்று வயிறு அடைத்துக்கொண்டால், பெரும்பாலும் அதை நிற்க வைத்து, இடது விலாவில் மரப்பு ஊசி போட்டுத்தான் அசைபோடும் இரைப்பையைத் திறக்கிறோம். மாடு விழித்திருக்கும், அசையும், உதைக்கும், சில சமயம் நடுவிலேயே படுத்துவிடும். இரைப்பையின் சுவரை வெளியே இழுத்துப் பொருத்திய பிறகே அதைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே புளித்துக் கிடப்பது வயிற்றுக் குழிக்குள் கொட்டி, தையல் நன்றாக ஆறினாலும் மாடு போய்விடும். மூக்கணாங்கயிற்றை யார் பிடிப்பது, ட்ராவிஸ் இல்லாத தொழுவத்தில் மாட்டை எங்கே கட்டுவது என்பதெல்லாம் கத்தியை எடுப்பதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். நாயில் 500 செய்த கைக்கு இதெல்லாம் தானாக வந்துவிடாது.

பெரிய கால்நடை அனுபவத்தைப் படிக்கையில் எண்ணிக்கை இன்னொரு விதமாகவும் ஏமாற்றும். ஆயிரம் சினை ஊசி போட்டவருக்கு மலக்குடல் வழியே கைவிட்டுக் கருப்பையைத் தடவி அறியும் பழக்கம் இருக்கும். அது உண்மையான திறன். ஆனால் கன்று சிக்கி நிற்கும் பிரசவத்துக்கு அது ஈடாகாது. தடுப்பூசி முகாம்களில் ஓடியவருக்கு மாட்டிடம் பயம் போயிருக்கும், அவ்வளவே. கால்நடை ஆம்புலன்ஸில் வேலை பார்த்திருந்தால் விசாரிக்க வேண்டும். இரவு பகலாகத் தொழுவங்களுக்குப் போனவர்கள் அங்கே இருக்கிறார்கள். நம் ரெஸ்யூமேயில் இந்த மூன்றில் எதுவும் இல்லை. ‘நல்ல அனுபவம்’ என்ற வரிக்குக் கீழே ஊரோ, பண்ணையோ, வருடமோ குறிப்பிடவில்லை. தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்தால் இவர் மாட்டைத் தொட்டது பெரும்பாலும் உள்ளுறைப் பயிற்சியில்தான் என்று தெரிகிறது.

இவரைத் தள்ளிவிட இது போதுமான காரணம் இல்லை. போனில் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். “கன்றின் தலை பின்னால் மடங்கிக் கிடக்கிறது, என்ன செய்வீர்கள்?” செய்தவர் இழுப்பதைப் பற்றிப் பேச்சைத் தொடங்க மாட்டார். வால் அடியில் மரப்பு ஊசி போட்டு, வழவழப்புத் திரவம் விட்டு, கன்றை உள்ளே தள்ளி இடம் உண்டாக்கித் தலையைத் திருப்பிய பிறகுதான் கயிறு போட்டு இழுப்பேன் என்பார். எப்போது அந்த முயற்சியை விட்டுவிட்டு வயிற்றைத் திறப்பேன் என்பதையும் சேர்த்தே சொல்வார். அடுத்த கேள்வி, கன்று ஈன்று எழாமல் கிடக்கும் பசுவுக்குக் கால்சியம் ஏற்றுவது பற்றி. ஏற்றியவர் மருந்தின் பெயரோடு நிறுத்த மாட்டார். மெதுவாக ஏற்றுவேன், இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருப்பேன் என்பார். வேகமாக ஏற்றினால் மாடு அங்கேயே செத்துவிடும் என்பது செய்தவருக்கு நன்றாகத் தெரியும்.

முன்பு வேலை பார்த்த கிளினிக்கில் விசாரிக்கும்போதும் ‘ஆள் எப்படி?’ என்று கேட்டால் ‘நல்ல பையன் சார்’ என்பதற்கு மேல் வராது. சீனியர் இல்லாத இரவில் இவரே முடிவெடுத்துச் செய்த அறுவை எது என்று கேட்க வேண்டும்.

பதிவு சரியாக இருந்து, நாய் அறுவைப் பட்டியலும் நம்பும்படி இருந்து, மாட்டுக் கேள்விகளில் மட்டும் இவர் தடுமாறினால், மருத்துவமனை தன் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். மாட்டு அழைப்புக்கு உடன் போக அனுபவமுள்ள ஒருவர் அங்கே இருந்தால் இவரை எடுக்கலாம். முதல் ஆறு மாதம் பிரசவத்துக்கும் இரைப்பை அறுவைக்கும் தனியாக அனுப்ப மாட்டோம் என்று நியமனக் கடிதத்திலேயே எழுதிவிடலாம். அப்படி ஒருவர் இல்லை, இவர்தான் இரவு அழைப்புக்கு ஒரே டாக்டர் என்றால் எடுக்கக் கூடாது. விளம்பரத்தையும் திருத்த வேண்டும். ‘கையாளும் திறன்’ என்று பொதுவாகப் போடாமல், ‘பசுவின் பிரசவச் சிக்கலையும் இரைப்பை அறுவையையும் தனியாகச் செய்தவர் தேவை, கேஸ் பட்டியலோடு விண்ணப்பிக்கவும்’ என்று போட்டால், விண்ணப்பிப்பவர்களுக்கும் எதற்கு வருகிறோம் என்று தெரிந்துவிடும்.