கைப்பேசியில் அறிவிப்புகள் தாமதமாக வருவது ஏன்? காரணத்தைக் கண்டறிவது எப்படி?

கனமழை எச்சரிக்கை, ரயில் தாமதம், வங்கிக் கணக்கில் பணம் எடுக்கப்பட்ட தகவல் என உடனடியாகத் தெரிய வேண்டிய பலவும் இன்று செயலிகளின் அறிவிப்புகளாகவே வருகின்றன. ஆனால், இவை சில நேரங்களில் பல மணி நேரம் கழித்து வருகின்றன. சில நேரங்களில் வருவதே இல்லை. இணைய வேகக் குறைவே காரணம் என்று பலரும் கருதுகின்றனர். உண்மையில், பல நேரங்களில் அறிவிப்பைத் தடுத்து வைப்பது கைப்பேசிதான். அறிவிப்பு எந்த வகையில் தவறுகிறது என்பதைக் கவனித்தாலே காரணத்தைக் கண்டறிந்துவிடலாம். இந்தியாவில் பெரும்பாலானோர் பயன்படுத்தும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளை முன்வைத்து இங்கு விளக்கப்படுகிறது.

அறிவிப்பு வரும் வழி

ஒரு செய்திச் செயலி அனுப்பும் அறிவிப்பு அந்த நிறுவனத்தின் சர்வரிலிருந்து நேராகக் கைப்பேசிக்கு வருவதில்லை. முதலில் அது கூகுள் நிறுவனத்தின் 'ஃபயர்பேஸ் கிளவுட் மெசேஜிங்' என்ற சேவைக்குச் செல்கிறது. அங்கிருந்து, கைப்பேசியில் உள்ள 'கூகுள் ப்ளே சர்வீசஸ்' வைத்திருக்கும் ஒரே இணைப்பின் வழியாக வந்து சேர்கிறது. ஒவ்வொரு செயலியும் தனித்தனியே இணைப்பு வைத்திருந்தால் பேட்டரி விரைவில் தீர்ந்துவிடும் என்பதால், எல்லாச் செயலிகளுக்கும் இந்த ஒரே வாசல் அமைக்கப்பட்டுள்ளது.

அனுப்பும் நிறுவனம் ஒவ்வொரு அறிவிப்புக்கும் 'உயர் முன்னுரிமை' அல்லது 'சாதாரண முன்னுரிமை' என்று குறிக்கிறது. தாமதம் பெரும்பாலும் இந்தக் குறிப்பிலிருந்தே தொடங்குகிறது.

கையில் எடுத்ததும் மொத்தமாக வந்தால்

புவனேஸ்வரத்தில் ஒருவர் இரவு 10.30 மணிக்குக் கைப்பேசியை மேசை மீது வைத்துவிட்டு உறங்கச் செல்கிறார் என்று கொள்வோம். கைப்பேசி சார்ஜில் இல்லை. இரவு 11.15 மணிக்கும் அதிகாலை 3.10 மணிக்கும் செய்திச் செயலியிலிருந்து இரண்டு மழை அறிவிப்புகள் சாதாரண முன்னுரிமையில் அனுப்பப்படுகின்றன. முதல் அறிவிப்பு நள்ளிரவுக்குப் பின்னரே வருகிறது. இரண்டாவது, காலை 5.50 மணிக்கு அவர் கைப்பேசியை எடுத்துத் திரையை ஒளிரச் செய்த பின்னரே வருகிறது.

இதற்குக் காரணம், 2015-ஆம் ஆண்டு ஆண்ட்ராய்டு 6 பதிப்பில் அறிமுகமான 'டோஸ்' என்ற உறக்க நிலை. திரை அணைந்து, சார்ஜில் இல்லாமல், அசையாமல் சிறிது நேரம் கிடக்கும் கைப்பேசி இந்த நிலைக்குச் செல்கிறது. அப்போது செயலிகளின் இணையப் பயன்பாடு நிறுத்தி வைக்கப்படும். இடையிடையே சிறிது நேரம் மட்டும் வழி திறக்கப்பட்டு, தேங்கிய அறிவிப்புகள் வந்து சேரும். கைப்பேசி அசையாமல் கிடக்கும் நேரம் நீள நீள, இந்த இடைவெளிகளும் நீளும். அதனால்தான் முதல் அறிவிப்பைவிட இரண்டாவது அதிக நேரம் காத்திருந்தது. உயர் முன்னுரிமையில் அனுப்பப்பட்டிருந்தால், அது உறங்கும் கைப்பேசியையும் எழுப்பி உடனே வந்திருக்கும்.

இதை உறுதி செய்ய எளிய சோதனை உண்டு. அடுத்த நாள் இரவு கைப்பேசியைச் சார்ஜில் இணைத்து வைக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது டோஸ் நிலை செயல்படாது. அன்று அறிவிப்புகள் உரிய நேரத்தில் வந்திருந்தால், முந்தைய நாள் தாமதத்துக்கு உறக்க நிலையே காரணம்.

குறிப்பிட்ட செயலிக்கு விலக்கு அளிக்க, Settings பகுதியில் Apps சென்று, அந்தச் செயலியின் பேட்டரி அமைப்பில் Unrestricted என்பதைத் தேர்வு செய்யலாம். Restricted என்று இருந்தால் கட்டாயம் மாற்ற வேண்டும். கைப்பேசி நிறுவனத்துக்கு ஏற்ப இப்பெயர்கள் சற்று மாறுபடும். எனினும், இந்த விலக்குக்கு ஓர் எல்லை உண்டு. செயலி பின்னணியில் இயங்க இது அனுமதிக்குமே தவிர, அனுப்பியவர் குறித்த முன்னுரிமையை மாற்றாது. எனவே, சாதாரண முன்னுரிமையில் வரும் அறிவிப்புகள் அதன் பிறகும் தாமதமாகலாம்.

ஒருபோதும் வராவிட்டால்

செயலியைத் திறந்தால் செய்தி உள்ளே இருக்கிறது, ஆனால் திரையில் அறிவிப்பு தோன்றுவதே இல்லை என்றால் அனுமதியைச் சரிபார்க்க வேண்டும். 2022-இல் வெளியான ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாக நிறுவப்படும் செயலி பயனரிடம் அனுமதி பெற்ற பின்னரே அறிவிப்பைக் காட்ட முடியும். அவசரத்தில் ஒரு முறைக்கு மேல் மறுத்துவிட்டால், அந்தச் செயலி மீண்டும் கேட்காது. பயனரே Settings பகுதியில் Notifications சென்று அனுமதிக்க வேண்டும். செயலிக்கு அனுமதி இருந்தும் சில வகை அறிவிப்புகள் மட்டும் வரவில்லை என்றால், அதே பக்கத்தில் உள்ள பிரிவுகளில் ஏதேனும் ஒன்று அணைக்கப்பட்டிருக்கலாம்.

இரண்டாவது காரணம், நீண்ட காலம் திறக்கப்படாமை. ஆண்ட்ராய்டு 12 முதல், சில மாதங்களாகப் பயன்படுத்தாத செயலியைக் கைப்பேசி முடக்கி வைக்கிறது. அந்த நிலையில் உயர் முன்னுரிமை அறிவிப்பும் வராது. மழைக்காலத்தில் மட்டும் தேவைப்படும் வானிலைச் செயலியை ஆண்டு முழுவதும் திறக்காமல் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். செயலியின் தகவல் பக்கத்தில் Pause app activity if unused என்பதை அணைத்தால் முடக்கம் நிகழாது.

மூன்றாவது, Force stop. இதை அழுத்தினால், செயலியை மீண்டும் திறக்கும் வரை அறிவிப்பு வராது. சில நிறுவனங்களின் கைப்பேசிகளில், அண்மைச் செயலிகளின் பட்டியலிலிருந்து ஒரு செயலியைத் தள்ளி நீக்கினாலே இதே விளைவு ஏற்படுகிறது.

வைஃபையில் வந்து, மொபைல் டேட்டாவில் தவறினால்

வீட்டில் வைஃபை இருக்கும்போது முறையாக வரும் அறிவிப்புகள் வெளியே சென்றதும் தவறினால், பின்புலத் தரவுக் கட்டுப்பாடே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். தினசரி டேட்டா தீர்ந்துவிடக் கூடாது என்பதற்காகப் பலரும் Data Saver வசதியை இயக்குகின்றனர். மொபைல் டேட்டாவில், திரையில் திறந்திராத செயலிகளின் இணையப் பயன்பாட்டை இது தடுக்கிறது. அறிவிப்பின் தலைப்பு வந்தாலும் படம் வராமல் போவதும், செய்தியைச் சர்வரிலிருந்து எடுத்துக் காட்ட வேண்டிய செயலி எதையும் காட்டாமல் இருப்பதும் இதனால்தான்.

Data Saver பக்கத்தில் உள்ள Unrestricted data பட்டியலில் முக்கியமான ஓரிரு செயலிகளை மட்டும் சேர்த்தால் போதும். எல்லாச் செயலிகளின் அறிவிப்புகளும் ஒரே நேரத்தில் நின்றுபோனால், 'கூகுள் ப்ளே சர்வீசஸ்' மீதே கட்டுப்பாடு விழுந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். அந்த ஒரே வாசல் அடைபட்டால் எந்த அறிவிப்பும் உள்ளே வராது.

அனைத்தையும் சரிசெய்த பின்னரும், செயலியின் அறிவிப்பு நேரத்துக்கு வரும் என்பதற்கு உறுதி இல்லை. இதற்கு மாறாக, 2023-இல் நாட்டின் பல பகுதிகளில் சோதிக்கப்பட்ட 'செல் பிராட்காஸ்ட்' பேரிடர் எச்சரிக்கை, கைப்பேசிக் கோபுரங்களிலிருந்து நேரடியாக ஒலிபரப்பப்படுகிறது. அதற்கு இணையமோ செயலியோ தேவையில்லை. கைப்பேசியின் Wireless emergency alerts பக்கத்தில் அது அணைக்கப்படாமல் உள்ளதா என்பதை உறுதி செய்துகொண்டால், மழை அறிவிப்பு காலை வரை காத்திருந்தாலும் பேரிடர் எச்சரிக்கை இரவிலேயே எழுப்பிவிடும்.