எல்லை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்

ஒரு கணக்கிலிருந்து தொடங்கலாம். x₁, x₂, x₃ என்று முடிவில்லாமல் நீளும் ஓர் எண் தொடர்முறை. அதன் உறுப்புகளைப் பற்றி நமக்குத் தெரிந்தவை இரண்டே. ஒன்று, அது வரம்புக்குட்பட்டது. அதாவது எல்லா உறுப்புகளும் ஏதோ ஒரு −M-க்கும் M-க்கும் நடுவில் அடங்கிவிடுகின்றன. இரண்டு, n பெரிதாகப் பெரிதாக xₙ + ½x₂ₙ என்ற கூட்டுத்தொகை 1-ஐ நெருங்குகிறது. இப்படிப்பட்ட தொடர்முறைக்கு எல்லை உண்டா? உண்டென்றால் அது எந்த எண்?

மெய்ப்பகுப்பாய்வு படிக்கும் மாணவர்கள் இதற்கு எழுதும் விடை பெரும்பாலும் இரண்டே வரிதான். எல்லை L என்க. xₙ, x₂ₙ இரண்டும் L-ஐ நெருங்கும்; ஆகவே L + ½L = 1, L = 2/3. விடை சரி. ஆனால் நிரூபணம் இன்னும் தொடங்கவே இல்லை. ‘எல்லை L என்க’ என்று எழுதிய அந்த இடத்திலேயே, நிரூபிக்க வேண்டியதை உண்மையென்று எடுத்துக்கொண்டாயிற்று. எல்லை என ஒன்று இருந்தால் அது 2/3 தான் என்பதைத்தான் அந்த இரண்டு வரிகள் காட்டுகின்றன. இருக்கிறதா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

எல்லை இருக்கிறது என்று காட்ட நமக்குப் பழக்கமான வழி, தொடர்முறை ஏறிக்கொண்டே போகிறது அல்லது இறங்கிக்கொண்டே போகிறது என்று காட்டுவது. இங்கே அது உதவாது. x₅-ஐயும் x₆-ஐயும் இணைக்கும் செய்தி எதுவும் நம் கையில் இல்லை. X₅-க்கு உறவு x₁₀-உடன், x₆-க்கு x₁₂-உடன். இந்த மாதிரி இடத்தில்தான் போல்சானோ–வையர்ஸ்ட்ராஸ் தேற்றம் துணைக்கு வருகிறது. வரம்புக்குட்பட்ட ஒவ்வொரு தொடர்முறைக்குள்ளும் ஏதோ ஓர் எண்ணை நோக்கி ஒருங்கும் உட்தொடர்முறை ஒன்றாவது இருக்கும் என்பது அந்தத் தேற்றம். வரிசையைக் கலைக்காமல், சில உறுப்புகளை விட்டுவிட்டு, முடிவில்லாத அளவு உறுப்புகளைப் பொறுக்கி எடுத்தால் கிடைப்பதே உட்தொடர்முறை.

தேற்றம் எதைத் தருகிறது, எதைத் தரவில்லை என்பதை sin n நன்றாகக் காட்டும். கோணத்தை ரேடியனில் வைத்து sin 1, sin 2, sin 3 என்று எழுதிக்கொண்டே போங்கள். எல்லாம் −1-க்கும் 1-க்கும் இடையில்தான். ஆனால் இந்தத் தொடர்முறைக்கு எல்லை கிடையாது. சைன் மதிப்பு ½-ஐ மிஞ்சி நிற்கும் கோணப் பகுதி ஒவ்வொரு சுற்றிலும் 2π/3 நீளம் கொண்டது. அது 1-ஐ விடப் பெரிது என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் அதற்குள் ஒரு முழு எண்ணாவது விழுந்தே தீரும். −½-க்குக் கீழேயும் இதே கதைதான். மேலும் கீழும் முடிவில்லாமல் அலையும் ஒன்று எங்கேயும் நிலைகொள்ளாது. இருந்தாலும் 3, 22, 333, 355, 103993 என்ற இடங்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். அங்கே சைன் மதிப்புகள் ஏறத்தாழ 0.141, −0.00885, −0.00882, −0.00003, −0.00002. இவை π-க்கு மிக நெருக்கமான பின்னங்களின் தொகுதி எண்கள். 22/7, 355/113 பலருக்கும் பழகியவை. இந்தப் பட்டியலை மேலும் மேலும் நீட்டலாம், மதிப்புகள் 0-வை நெருங்கும். அலைந்துகொண்டிருக்கும் தொடர்முறைக்குள் அமைதியான ஒன்று இருந்திருக்கிறது. ஆனால் அது இருப்பதால் sin n முழுவதும் 0-வை நெருங்குகிறது என்று ஆகிவிடாது. விடைத்தாள்களில் இந்தத் தேற்றத்தை ஒட்டி வரும் பிழைகளில் முதன்மையானது இதுதான்: ஓர் உட்தொடர்முறையின் எல்லையை முழுத் தொடர்முறையின் எல்லையாக எழுதிவிடுவது.

தேற்றத்தின் நிரூபணம் இடைவெளியைப் பாதி பாதியாக வெட்டுவது. உறுப்புகள் எல்லாம் −M முதல் M வரையான இடைவெளியில் இருக்கின்றன. அதை நடுவில் வெட்டினால் இரண்டு பாதிகளில் ஒன்றிலாவது முடிவில்லாத அளவு உறுப்புகள் இருந்தாக வேண்டும். இரண்டிலும் எண்ணி முடிக்கும் அளவே இருந்தால் மொத்தமும் முடிந்துபோயிருக்கும். அந்தப் பாதியை வைத்துக்கொள்வோம், அதிலிருந்து ஓர் உறுப்பை எடுத்துக்கொள்வோம். அதை மறுபடி வெட்டுவோம். முடிவில்லாத அளவு உறுப்புகள் இருக்கும் பாதியிலிருந்து, முன்பு எடுத்ததற்குப் பின்னால் வரும் ஓர் உறுப்பை எடுப்போம். இப்படியே போனால் இடைவெளியின் நீளம் 2M, M, M/2, M/4 என்று குறுகி 0-வை நெருங்கும். ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த இந்த இடைவெளிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே ஒரு புள்ளி இருக்கும். நாம் எடுத்த உறுப்புகள் அந்தப் புள்ளியை நெருங்கியே ஆக வேண்டும்.

வெட்டிச் சுருக்கும் இந்த முறையைப் பிராகா நகரில் மதப் பேராசிரியராக இருந்த பாதிரியார் பெர்னார்ட் போல்சானோ 1817-இல் வெளியிட்ட கட்டுரையில் பயன்படுத்தினார். தொடர்ச்சியான சார்பு ஒன்று குறை எண்ணிலிருந்து மிகை எண்ணுக்குப் போனால் நடுவில் 0-வைத் தொட்டே தீரும் என்று, படத்தை நம்பாமல் நிரூபிப்பது அவர் நோக்கம். பிறகு பெர்லினில் கார்ல் வையர்ஸ்ட்ராஸ் தன் விரிவுரைகளில் இந்தக் கருத்தைப் பகுப்பாய்வின் அடித்தளங்களில் ஒன்றாக வைத்தார். அதனால்தான் பெயரில் இருவரும் இருக்கிறார்கள்.

நிரூபணத்தில் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, ‘பொதுவாக ஒரு புள்ளி இருக்கும்’ என்ற வரி. மெய்யெண்களில் இடைவெளி விழாது என்பதால்தான் அது செல்லும். பின்னங்கள் மட்டுமே உள்ள உலகில் 1, 1.4, 1.41, 1.414 என்று √2-ஐ நோக்கிப் போகும் தொடர்முறை வரம்புக்குட்பட்டதுதான். ஆனால் அதன் எந்த உட்தொடர்முறையும் எந்தப் பின்னத்தையும் நெருங்காது. இரண்டாவது, எந்தப் பாதியில் முடிவில்லாத அளவு உறுப்புகள் இருக்கின்றன என்று நிரூபணம் சொல்வதில்லை. ஒன்றிலாவது இருக்கிறது என்பதோடு அது நின்றுவிடுகிறது. ஆகவே தேற்றம் நமக்கு ஓர் எல்லைப் புள்ளி கிடைக்கும் என்று உறுதி தருகிறது. அது எங்கே இருக்கிறது என்று காட்டுவதில்லை. அதைக் கண்டுபிடிக்க வேண்டியது கணக்கில் தரப்பட்ட நிபந்தனையை வைத்துத்தான்.

இப்போது முதல் கணக்குக்கு வருவோம். தொடர்முறை வரம்புக்குட்பட்டது, ஆகவே ஏதோ ஓர் எண் c-ஐ நெருங்கும் உட்தொடர்முறை உண்டு. அதன் உறுப்புகள் n₁, n₂, n₃ என்ற இடங்களில் இருப்பதாகக் கொள்வோம். இப்போது அந்த இடங்களை எல்லாம் இரட்டித்து 2n₁, 2n₂, 2n₃ என்ற இடங்களைப் பாருங்கள். அங்கே இருப்பவையும் ஓர் உட்தொடர்முறைதான். நிபந்தனையின்படி, n-ஆம் இடத்து உறுப்போடு 2n-ஆம் இடத்து உறுப்பில் பாதியைக் கூட்டினால் 1-ஐ நெருங்கும். முதல் பகுதி c-ஐ நெருங்குகிறது; ஆகவே இரண்டாம் பகுதி 1 − c-ஐயும், 2n-ஆம் இடத்து உறுப்பு 2(1 − c)-ஐயும் நெருங்கியாக வேண்டும். அதாவது c ஓர் உட்தொடர்முறையின் எல்லையாக இருந்தால் 2(1 − c)-யும் அப்படியே.

எடுத்துக்காட்டாக c = 0.7 என்று வைத்துப் பார்ப்போம். அது 2/3-க்கு மிக அருகில் இருக்கும் எண். அப்படியானால் 0.6-உம் எல்லைப் புள்ளி. அதிலிருந்து 0.8, அதிலிருந்து 0.4, பிறகு 1.2, −0.4, 2.8, −3.6, 9.2, −16.4, 34.8, −67.6, 137.2. தொடர்முறையின் உறுப்புகள் எல்லாம் −100-க்கும் 100-க்கும் நடுவில் இருந்திருந்தால் பன்னிரண்டாம் அடியிலேயே முரண் வந்துவிட்டது. எந்த உட்தொடர்முறையும் அந்த வரம்பைத் தாண்டி ஒருங்க முடியாது. காரணம் எளிது: 2(1 − c) − 2/3 = −2(c − 2/3). ஒவ்வோர் அடியிலும் 2/3-இலிருந்து உள்ள தூரம் இரட்டிக்கிறது. தொடக்கத் தூரம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அது 0-வாக இல்லாத வரை, இரட்டித்து இரட்டித்து எந்த M-ஐயும் ஒருநாள் தாண்டும். எனவே தூரம் 0. எந்த உட்தொடர்முறை ஒருங்கினாலும் அதன் எல்லை 2/3 மட்டுமே. இந்த இரட்டிப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி. எல்லையின் மதிப்பு தெரியாமலேயே பிடித்த ஒரு புள்ளி, தப்பாக இருந்தால் தானே வெளியேறிவிடுகிறது.

நிரூபணம் இன்னும் முடியவில்லை. உட்தொடர்முறைகள் எல்லாம் 2/3-க்குப் போகின்றன. முழுத் தொடர்முறையும் போகிறதா? போகவில்லை என்று எடுத்துக்கொள்வோம். அப்படியானால் ஏதோ ஒரு சிறு தூரம் ε உண்டு. 2/3-இலிருந்து ε அல்லது அதற்கு மேல் தள்ளி நிற்கும் உறுப்புகள் முடிவில்லாத அளவு இருக்கும். அவற்றை மட்டும் திரட்டினால் அதுவும் வரம்புக்குட்பட்ட ஒரு தொடர்முறை. ஆகவே மறுபடி அதே தேற்றம்: அதற்குள் ஒருங்கும் உட்தொடர்முறை ஒன்று உண்டு. அதன் உறுப்புகள் ஒவ்வொன்றும் 2/3-இலிருந்து ε தள்ளியே இருப்பதால் அதன் எல்லையும் தள்ளியே இருக்கும். ஆனால் ஒருங்குபவை எல்லாம் 2/3-க்குத்தான் போகும் என்று இப்போதுதான் காட்டினோம். முரண். ஆகவே xₙ → 2/3. தேற்றம் இரண்டு முறை வேலை செய்திருக்கிறது. முதல் முறை கேள்வி கேட்பதற்கு ஒரு புள்ளியைத் தந்தது. இரண்டாம் முறை உட்தொடர்முறைகளிலிருந்து முழுத் தொடர்முறைக்குத் தாண்ட உதவியது. இந்த இரண்டாம் படியைப் பலர் எழுதாமல் விடுகிறார்கள்.

நிபந்தனைகளில் ஒன்றைத் தளர்த்திப் பார்த்தால் ஒவ்வொன்றும் எங்கே தாங்கி நிற்கிறது என்பது தெரியும். வரம்பை எடுத்துவிடுங்கள். x₁ = 1, x₂ = 0, x₄ = 2, x₈ = −2, x₁₆ = 6, x₃₂ = −10 என்று இரண்டின் அடுக்குகளில் போகட்டும்; மற்ற எல்லா இடங்களிலும் 2/3. xₙ + ½x₂ₙ எப்போதும் சரியாக 1. எல்லை மட்டும் இல்லை. தொடக்கத்தில் பார்த்த இரண்டு வரி விடை இந்தத் தொடர்முறைக்கும் கூசாமல் 2/3 என்றே சொல்லும்.

இனி வரம்பு இருக்கட்டும், ½-ஐ மட்டும் மாற்றுவோம். xₙ + x₂ₙ → 1 என்றால் c-க்கு அடுத்தது 1 − c. ½-இலிருந்து உள்ள தூரம் பெருகவும் இல்லை, குறையவும் இல்லை, பக்கம் மட்டும் மாறுகிறது. எல்லா ஒற்றை இடங்களிலும் 0, அவற்றின் இரட்டிப்பில் 1, அதன் இரட்டிப்பில் மறுபடி 0 என்று வைத்தால் நிபந்தனை நிறைவேறும், வரம்பும் மீறப்படாது, எல்லை கிடையாது. xₙ + 2x₂ₙ → 1 என்றாலும் அப்படித்தான். அங்கே 1/3-இலிருந்து உள்ள தூரம் ஒவ்வோர் அடியிலும் பாதியாகக் குறைகிறது. குறைவது நமக்குச் சாதகம் என்று தோன்றும். ஆனால் முரண் எங்கும் எழாததால் 1/3-ஐத் தவிர்த்த எல்லைப் புள்ளிகளை விலக்க வழியே இல்லை. ஒற்றை இடங்களில் 0, 1, 0, 1 என்று மாறி மாறி வைத்து, இரட்டை இடங்களை நிபந்தனையிலிருந்து நிரப்பினால், எல்லா உறுப்புகளும் 0-வுக்கும் 1-க்கும் இடையிலேயே இருக்கும். ஒற்றை இடங்களைப் பார்த்த மாத்திரத்தில் எல்லை இல்லை என்பதும் தெரிந்துவிடும்.