ஒரு லட்சம் கடன், நான்கு ஸ்லைடுகள்

முதன்முறையாகக் கடன் வாங்கப்போகிறவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது நான் நான்கு ஸ்லைடுகளுக்கு மேல் காட்டுவதில்லை. நான்கிலும் ஒரே கடன்தான்: ஒரு லட்சம் ரூபாய், ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, 12 மாதத் தவணை.

முதல் ஸ்லைடில் வட்டி மட்டும். ஆண்டுக்கு 12 என்றால் மாதத்துக்கு 1 சதவீதம். ஊர்ப் பேச்சில், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. ஆக, லட்சத்துக்கு முதல் மாத வட்டி 1,000 ரூபாய்.

இரண்டாவது ஸ்லைடில் தவணை. வங்கி கணக்கிட்டுச் சொல்வது 8,885 ரூபாய். முதல் மாதம் அதில் 1,000 வட்டிக்குப் போக, மீதி 7,885 அசலில் கழிகிறது. கடன் 92,115 ஆகிவிட்டது. இரண்டாம் மாத வட்டி இந்தத் தொகைக்குத்தான் என்பதால் 921 ரூபாய். தவணை மாறுவதில்லை, அதற்குள் இருக்கும் வட்டி மட்டும் மாதாமாதம் தேய்ந்து, கடைசித் தவணையில் 88 ரூபாயாகிறது. எல்லாம் சேர்த்துக் கட்டிய வட்டி சுமார் 6,619 ரூபாய்.

"லட்சத்துக்கு 12 சதவீதம்னா 12,000 ஆகாதா சார்?" என்று இங்கே யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. ஆனால் லட்சம் ரூபாயும் ஆண்டு முழுக்க உங்களிடம் இருக்கவில்லையே. மாதந்தோறும் திருப்பிக் கொடுத்தபடியே வந்தீர்கள். சராசரியாகப் பார்த்தால் உங்கள் மீதிருந்த கடன் 55,000 ரூபாய்தான். வட்டியும் அதற்குத்தான்.

மூன்றாவது ஸ்லைடில்தான் அதிக நேரம் நிற்பேன். சில ஃபைனான்ஸ்காரர்கள் "ஃபிளாட் 12 பர்சென்ட்" என்பார்கள். கடன் குறைந்துகொண்டே வந்தாலும் கடைசி மாதம்வரை முழு லட்சத்துக்கும் வட்டி. 12,000 வட்டியை அசலோடு சேர்த்து 12-ஆல் வகுத்தால் தவணை 9,333. மாதத்துக்கு 448 ரூபாய்தான் கூடுதல் என்பதால் யார் கண்ணிலும் உறுத்தாது. ஆனால் வங்கியின் முறைப்படி கணக்கிட்டால் இது 21 சதவீதத்துக்கும் மேற்பட்ட வட்டி! வங்கியில் 15 சதவீதம் கேட்கிறார்கள் என்று இதைத் தேடிப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு பொறுப்பதில்லை.

கண்டுபிடிக்கும் வழி நான்காவது ஸ்லைடில். தவணையை மாதங்களால் பெருக்கி, கடன் தொகையைக் கழியுங்கள். 9,333-ஐ 12-ஆல் பெருக்கினால் 1,11,996. கழித்தால் ஏறக்குறைய 12,000. சொன்ன சதவீதத்தை முழுக் கடனுக்கும் போட்டால் வரும் தொகையும் இதுவே என்றால், அது ஃபிளாட். கடன் ஓராண்டுக்கு மேல் என்றால், கழித்து வந்ததை ஆண்டுகளால் வகுத்த பிறகு ஒப்பிடுங்கள்.

2024 அக்டோபர் முதல், வங்கிகளும் ரிசர்வ் வங்கியில் பதிவான நிதி நிறுவனங்களும் தனிநபர்களுக்குத் தரும் புதிய தவணைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை தர வேண்டும். கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட 'ஏபிஆர்' என்ற ஆண்டு விகிதம் அதில் இருக்கும். கையெழுத்துப் போடுமுன் அந்த வரியை விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு இடங்களில் விசாரித்தால், ஒப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான்.