அப்பாவுக்கு ஒரு குறுஞ்செய்தி

சர்க்கரைப் பரிசோதனைக்கு அப்பா நாளை போக வேண்டும். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கக் குறைந்தது 8 மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். தண்ணீர் மட்டும் குடிக்கலாம். காலையில் காபி குடித்த பிறகு நினைவூட்டிப் பயனில்லை. அதனால் முந்தின நாள் மாலையே, இரவுச் சாப்பாட்டுக்கு முன் செய்தி போய்ச் சேர வேண்டும்.

"அப்பா, நாளை காலை 7 மணிக்கு லேப், 10:30-க்கு டாக்டர். ரத்தம் கொடுத்த பிறகுதான் காபி. பழைய ரிப்போர்ட் மேஜை டிராயரில் இருக்கு. ஆட்டோ நீங்களே பார்த்துக்கறீங்களா, நான் வரட்டுமா? டாக்டர்கிட்ட ஏதாவது கேக்கணும்னா சொல்லுங்க, சேர்ந்து குறிச்சு வைப்போம்."

இதில் "மறந்துடாதீங்க", "தனியா போகாதீங்க" என்பவை இல்லை. முதலாவது அவர் நினைவாற்றலைச் சந்தேகிக்கிறது; இரண்டாவது அவர் முடிவைப் பறிக்கிறது. நேரமும் விவரமும் நாம் தருகிறோம். எப்படிப் போவது என்பதை அவர் தீர்மானிக்கிறார்.

"சரிப்பா, நானே போயிக்கறேன்" என்று பதில் வந்தால் அதோடு விடுங்கள். காலையில் மறுபடி அழைத்து விசாரித்தால், முந்தின நாள் கொடுத்த மரியாதை வீணாகிவிடும். அண்மையில் தலைசுற்றியோ, வழி தடுமாறியோ இருந்தால் மட்டும் துணைக்குப் போவதைப் பற்றி நேரில் பேசுங்கள்.