குழாய் வழியே எவ்வளவு நீர் வரும்?
ஊகத்திலிருந்து விடைக்குச் செல்லும் ஒரு கணக்கு

மலைச்சரிவில் ஒரு நீர்த்தொட்டி உள்ளது. அதற்குக் கீழே, ஓர் ஊரின் அருகில், மற்றொரு தொட்டி உள்ளது. இரண்டையும் ஒரு வார்ப்பிரும்புக் குழாய் இணைக்கிறது. குழாயின் உள்விட்டம் 100 மில்லிமீற்றர். நீளம் 1000 மீற்றர். மேல் தொட்டியின் நீர்மட்டம் கீழ்த் தொட்டியின் நீர்மட்டத்தைவிட 20 மீற்றர் உயரமானது. பம்பி எதுவும் இல்லை. நீர் தன் எடையாலேயே கீழிறங்குகிறது. அவ்வாறாயின் ஒரு செக்கனுக்கு எத்தனை லீற்றர் நீர் ஊருக்கு வந்து சேரும்? எண்கள் நாம் எடுத்துக்கொண்டவை. ஆயினும் ஊருக்கு நீர் கொண்டுவரும் பொறியியலாளர் எவரும் முதலில் விடை காணவேண்டிய வினா இதுவே.

விட்டமும் நீளமும் உயரமும் தெரிந்திருக்கும்போது ஒரே வரியில் விடை கிடைத்துவிடும் என்று தோன்றலாம். ஆனால் அவ்வாறு கிடைப்பதில்லை. அதன் காரணத்தையும், அதனைக் கடக்கும் வழியையும் இங்கு நோக்குவோம்.

உயரம் எங்கே செலவாகிறது?

20 மீற்றர் உயரம் தரும் ஆற்றல் முழுவதும் குழாயின் உராய்வை வெல்வதற்கே செலவாகிறது எனக் கொள்ளலாம். குழாயின் வாயிலில் நுழைவதற்கும் முடிவில் வெளியேறுவதற்கும் சிறிதளவு செலவாவது உண்மையே. நமது குழாயில் அது ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர் உயரத்திற்குச் சமம். 20 மீற்றரோடு ஒப்பிடும்போது அதனை விட்டுவிடலாம். ஆனால் குழாய் ஐந்து மீற்றர் நீளமே உடையதாயின் இவ்வாறு விட்டுவிடுதல் பெரும் பிழையாகும்.

உராய்வால் இழக்கப்படும் உயரத்தைத் தரும் சமன்பாடு, செருமனியின் வைசுபாக், பிரான்சின் தார்சி என்னும் இருவரின் பெயரால் வழங்குகிறது:

h = f × (L ÷ D) × V² ÷ (2g)

இங்கு h என்பது இழக்கப்படும் உயரம், L நீளம், D விட்டம், V நீரின் வேகம், g புவியீர்ப்பு ஆர்முடுகல், அதாவது 9.81. எஞ்சியிருப்பது f என்னும் உராய்வுக் காரணி. இது அலகில்லாத ஒரு சிறிய எண். கொந்தளித்து ஓடும் நீருக்கு இது பெரும்பாலும் 0.01 முதல் 0.05 வரை அமையும்.

நமது எண்களை இதிலிட்டு V ஐத் தனித்தெடுத்தால் பின்வரும் எளிய தொடர்பு கிடைக்கும்:

V = 0.198 ÷ √f

f தெரிந்தால் வேகம் தெரியும். வேகத்தைக் குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கினால் பாய்ச்சல் வீதம் தெரியும். நமது குழாயின் பரப்பு 0.00785 சதுர மீற்றர்.

சிக்கல் எங்கே?

உராய்வுக் காரணி இரண்டு செய்திகளைப் பொறுத்தது. முதலாவது, குழாயின் உட்சுவர் எவ்வளவு கரடானது என்பது. வார்ப்பிரும்புக்குப் பாடநூல்கள் தரும் கரட்டுயரம் 0.26 மில்லிமீற்றர். இதனை விட்டத்தால் வகுத்தால் 0.0026 என்னும் சார்புக் கரடு கிடைக்கும். இரண்டாவது, 1883 இல் மஞ்செஸ்ரரில் ஆய்வு செய்த ஒசுபோர்ண் றெனோல்ட்சின் பெயரால் வழங்கும் எண். வேகத்தை விட்டத்தால் பெருக்கி, நீரின் இயக்கப் பிசுக்குமையால் வகுத்து இதனைப் பெறுகிறோம். 20 பாகை செல்சியசில் நீருக்கு அப்பிசுக்குமை ஏறத்தாழ 0.000001 ஆகும், அலகு செக்கனுக்குச் சதுர மீற்றர்.

இப்போது சிக்கல் தெளிவாகும். வேகத்தை அறிய f வேண்டும். F ஐ அறிய றெனோல்ட்சு எண் வேண்டும். றெனோல்ட்சு எண்ணை அறிய வேகம் வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டியவரின் நிலை இது.

ஊகித்தலும் திருத்துதலும்

இப்பூட்டைத் திறக்கும் வழி எளியது. f இற்கு ஒரு மதிப்பை ஊகித்துத் தொடங்குதல். அதனால் வேகத்தைக் காணுதல். அவ்வேகத்திற்குரிய f ஐ மீண்டும் காணுதல். புதிய f பழைய f உடன் ஒன்றும்வரை இதனைத் தொடர்தல்.

f ஐக் காண்பதற்கு மாணவர்கள் மூடியின் வரைபடத்தைப் பயன்படுத்தலாம். அமெரிக்கப் பொறியியலாளர் மூடி 1944 இல் இதனை வெளியிட்டார். கீழ் அச்சில் றெனோல்ட்சு எண்ணைக் குறித்து, மேலே சென்று, வலப்பக்கத்தில் குறிக்கப்பட்ட சார்புக் கரட்டிற்குரிய வளைகோட்டைத் தொட்டு, இடப்பக்க அச்சில் f ஐ வாசிக்க வேண்டும். அச்சுகள் மடக்கை அளவிடையில் அமைந்தவை. ஆகவே இரு கோடுகளுக்கு நடுவிலுள்ள புள்ளியை நடுமதிப்பெனக் கொள்ளலாகாது.

முதற் சுற்று: f = 0.020 என ஊகிப்போம். வேகம் செக்கனுக்கு 1.40 மீற்றர். றெனோல்ட்சு எண் 140,000. இதற்கு உரிய f 0.0262 ஆகும். நமது ஊகம் குறைவாக இருந்தது என்பது தெரிகிறது.

இரண்டாம் சுற்று: f = 0.0262 எனக் கொண்டால் வேகம் 1.22 மீற்றர். றெனோல்ட்சு எண் 122,000. உரிய f 0.0263.

மூன்றாம் சுற்று: f = 0.0263 எனக் கொண்டாலும் வேகம் 1.22 மீற்றரே. f இனி மாறவில்லை. கணக்கு நின்றுவிட்டது.

1.22 ஐ 0.00785 ஆல் பெருக்கினால் செக்கனுக்கு 0.0096 கன மீற்றர், அதாவது 9.6 லீற்றர். இதுவே விடை.

முதல் ஊகத்தோடு நின்றிருந்தால் 11 லீற்றர் என்று எழுதியிருப்போம். வேறுபாடு 1.4 லீற்றர்தானே என எண்ணலாம். ஒரு நாளில் 86,400 செக்கன்கள் உள்ளன. நாள் முழுவதும் குழாய் ஓடினால் அவ்வேறுபாடு ஏறத்தாழ 120,000 லீற்றர் ஆகும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 லீற்றர் எனக் கொண்டால், 1200 பேருக்குரிய நீர் தாளில் இருக்கும், தொட்டியில் இராது.

ஊகம் தவறானால் என்னாகும்?

ஊகம் மிகத் தவறாக இருந்தால் கணக்கு கெட்டுவிடாதா என்று மாணவர் கேட்கலாம். வேண்டுமென்றே f = 0.08 எனத் தொடங்கிப் பாருங்கள். வேகம் 0.70 மீற்றர், றெனோல்ட்சு எண் 70,000, உரிய f 0.0271. அடுத்த சுற்றிலேயே வேகம் 1.20 மீற்றராகிறது, அதற்கு அடுத்த சுற்றில் 1.22 ஐ அடைந்துவிடுகிறோம்.

இதற்குக் காரணங்கள் இரண்டு. வேகச் சமன்பாட்டில் f வர்க்கமூலத்தினுள் இருப்பதால், f இல் நூற்றுக்கு ஒரு பங்கு பிழை வேகத்தில் அரைப் பங்கு பிழையாகவே வெளிப்படுகிறது. அத்துடன், கரடான குழாயில் f வேகத்தை மிகச் சிறிதளவே பொருட்படுத்துகிறது. வேகம் 1.40 இலிருந்து 0.70 ஆகப் பாதியானபோதும் f 0.0262 இலிருந்து 0.0271 ஆக மட்டுமே மாறியதை மேலே கண்டோம். ஒவ்வொரு சுற்றிலும் பிழை பலமடங்கு சுருங்குவதால் விடை விரைந்து கிட்டுகிறது.

சரிபார்க்கும் முறை

பலர் இறுதி வேகத்தையும் f ஐயும் முதற் சமன்பாட்டிலிட்டு, 20 மீற்றர் வருகிறது என்று மகிழ்வர். இது சரிபார்ப்பு ஆகாது. வேகத்தையே 20 மீற்றரிலிருந்து பெற்றோம் அல்லவா? முதற் சுற்றின் 0.020, 1.40 என்னும் தவறான இணையை இட்டாலும் 20 மீற்றரே வரும். உண்மையான சரிபார்ப்பு, இறுதி வேகத்திற்குரிய f ஐ மீண்டும் கண்டு, அதுவே நாம் பயன்படுத்திய f தானா என நோக்குவதாகும்.

சுற்றுகளின்றிச் சரிபார்க்க வேறொரு வழியும் உண்டு. மூடியின் வரைபடத்தில் கொந்தளிப்புப் பகுதியின் வளைகோடுகளுக்கு அடிப்படையானது கோல்புறூக் என்னும் ஆங்கிலேயர் 1939 இல் வெளியிட்ட சமன்பாடு:

1 ÷ √f = −2 log [ e ÷ (3.7 D) + 2.51 ÷ (R √f) ]

இங்கு e கரட்டுயரம். R றெனோல்ட்சு எண். மடக்கை 10 ஐ அடியாகக் கொண்டது. வலப்பக்கத்தில் R உம் √f உம் பெருக்கமாகச் சேர்ந்தே வருவதை நோக்குக. நமது கணக்கில் V × √f எப்போதும் 0.198 ஆகையால், R × √f உம் மாறாது 19,800 ஆக இருக்கும். ஆகவே அடைப்புக்குள் உள்ள தொகை 0.000703 + 0.000127 = 0.000830. இதிலிருந்து 1 ÷ √f = 6.16 எனவும், வேகம் 0.198 × 6.16 = 1.22 எனவும் ஒரே முறையில் கிடைக்கின்றன. சுற்றிச் சுற்றி அடைந்த அதே விடை!

இரண்டு எச்சரிக்கைகள்

சில நூல்களில், குறிப்பாக இரசாயனப் பொறியியல் நூல்களில், உராய்வுக் காரணி இங்கு கூறியதன் காற்பங்காகத் தரப்பட்டிருக்கும். அதனை நமது சமன்பாட்டில் இட்டால் வேகம் இருமடங்காகிவிடும். 0.0066 போன்ற எண் எதிர்ப்பட்டால் எந்த வரைவிலக்கணம் என்று முதலில் உறுதிசெய்க.

மற்றையது, கரட்டுயரத்தைப் பற்றியது. f ஐ ஐந்தாம் தசமதானம்வரை துரத்துவதில் பயனில்லை. ஏனெனில் கரடு அவ்வளவு துல்லியமாகத் தெரியாது. அதே குழாய் துருப்பிடித்து உட்சுவர்க் கரடு 1 மில்லிமீற்றர் ஆகிவிட்டால், விட்டம் குறையாதிருப்பினும், பாய்ச்சல் 7.9 லீற்றராகக் குறையும். எனவே ஊருக்கு உண்மையில் 9.6 லீற்றர் தேவையாயின், இக்குழாய் போதும் என்று கூறுதல் தகாது. குழாய் முதுமையடைந்த பின்னரும் அவ்வூருக்கு நீர் வரவேண்டும்.

மாணவர் பயிற்சி

நீளம், உயரம், கரட்டுயரம் ஆகியவை மாறாதிருக்க, விட்டத்தை மட்டும் 150 மில்லிமீற்றர் ஆக்குக. f = 0.020 எனத் தொடங்கி விடை காண்க. 0.198 என்னும் எண் இங்கு 0.243 ஆகும் என்பதையும், பரப்பு 0.0177 சதுர மீற்றர் என்பதையும் நினைவில் கொள்க. f ஏறத்தாழ 0.0234 இலும், வேகம் 1.59 மீற்றரிலும் வந்து நிற்கும். செக்கனுக்கு 28 லீற்றர் கிடைக்கும். விட்டம் ஒன்றரை மடங்கானபோது நீர் ஏன் ஏறத்தாழ மூன்று மடங்காயிற்று என்பதைப் பெற்றோருடன் கலந்து ஆராய்க.