கூட்டம் முடிந்ததும் போகவேண்டிய மெயில்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. திங்கட்கிழமை மதியம் ஒரு ஆர்டரைப் பற்றி இருபது நிமிடம் பேசுகிறார்கள். ஷிப்மென்ட் 28ஆம் தேதி. நேவி ப்ளூ துணி இன்னும் டையிங்கில் இருக்கிறது. பேச்சு இப்படிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பெயர்களெல்லாம் உதாரணத்துக்குத்தான்.

"நேவி எப்ப வருது?" என்கிறார் மேனேஜர். துணி பார்க்கும் செந்தில், "புதன்கிழமை தர்றேன்னு டையிங்ல சொல்லியிருக்காங்க சார், முதல் லாட் 400 கிலோ வந்துருமுங்க" என்கிறார். மெர்ச்சண்டைசர் கவிதா, "லாட் ஷேடை பையிங் ஆபீஸ்ல ஓகே வாங்கணுமே சார்" என்று நினைவுபடுத்துகிறார். "அப்ப ஓகே வராம கட்டிங் போட வேண்டாம்" என்கிறார் மேனேஜர். கட்டிங் மாஸ்டர் ராஜேந்திரன், "அதுவரைக்கும் டேபிள் சும்மாதானுங்க கெடக்கும். கிரே மெலஞ்ச் துணி வந்துருச்சு, புதன்கிழமை அதைப் போட்டுரட்டுங்களா? வெள்ளிக்கிழமைக்குள்ள 3,000 பீஸ் வெட்டிரலாம்" என்கிறார். "சரி, போடுங்க." கடைசியில் யாரோ மெயின் லேபிள் எப்போது வரும் என்று கேட்க, "அதைப் பாத்துக்கலாம்" என்று எல்லோரும் எழுந்துவிடுகிறார்கள்.

இதை மெயிலாக எழுதுகிறவர் முதலில் செய்யவேண்டியது, பேசியதில் எது முடிவு என்று பிரிப்பது. ஒருவர் கேட்டு, அதிகாரம் உள்ளவர் சரி என்று சொன்னது முடிவு. இங்கே அப்படி இரண்டுதான் உண்டு: ஷேடு ஓகே ஆகும்வரை நேவியை வெட்டக்கூடாது, அதற்குள் கிரே மெலஞ்சை வெட்டலாம். துணி புதன்கிழமை வரும் என்பது டையிங்காரர் சொன்ன தகவல். லேபிளைப் பற்றிச் சொன்னதில் முடிவும் இல்லை, தகவலும் இல்லை. யார் என்ன பேசினார் என்று வரிசையாக எழுதிவைப்பது மினிட்ஸ் புத்தகத்துக்குப் பொருந்தும். இந்த மெயிலைத் திறக்கிறவர் தேடுவது தன் பெயரையும் அதன் பக்கத்தில் உள்ள நாளையும்தான்.

அடுத்தது பொறுப்பு. ஒரு வேலைக்கு ஒரே ஒரு பெயர் இருக்கவேண்டும். 'துணிப் பிரிவு', 'கவிதா, செந்தில் இருவரும்' என்றெல்லாம் எழுதினால் ஒருவர் செய்வார் என்று மற்றவர் இருந்துவிடுவார். 'ஷேடு ஓகே வாங்கப்படும்' என்று எழுதினால் ஒரு பெயர்கூட இல்லை. யார் வாங்குவது என்ற கேள்வியே அந்த வாக்கியத்தில் காணாமல் போகிறது. எந்த வரியையும் பெயரில் தொடங்கி எழுதிப் பாருங்கள். பெயர் கிடைக்காத வரி உடனே கண்ணில் படும்.

இந்தக் கூட்டத்தில் அப்படி ஒரு வரி உண்டு. நேவி லாட் வந்ததும் அதிலிருந்து ஸ்வாட்ச் வெட்டிப் பையிங் ஆபீசுக்குக் கொண்டுபோவது யார்? ஓகே வாங்கவேண்டும் என்று கவிதா சொன்னார். நான் வாங்குகிறேன் என்று சொல்லவில்லை. பேசும்போது எல்லோருக்கும் அது முடிந்த விஷயமாகத் தோன்றியது. இந்த இடத்தில் எழுதுகிறவர் தானாகக் கவிதா பெயரைப் போட்டுவிடக்கூடாது. இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருப்பவர்தானே, எழுந்துபோய், "வியாழக்கிழமை காலைல நீங்களே குடுத்துடறீங்களா?" என்று கேட்டு, அவர் சரி என்ற பிறகு எழுதவேண்டும். கூட்டத்துக்கு வராத ஒருவர் தலையில் வேலை விழுந்திருந்தால் இது இன்னும் முக்கியம். மெயிலைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரியவேண்டும் என்றால் அந்த வேலை நடக்காது. முதலில் போன் பண்ணிவிடுங்கள்.

துணி விஷயத்தில் வேறொரு சிக்கல். துணியைத் தரவேண்டியவர் டையிங்காரர். அவர் கூட்டத்திலேயே இல்லை. வெளியாளைப் பொறுப்பாளியாக எழுதிப் பயனில்லை, இந்த மெயில் அவருக்குப் போகப்போவதும் இல்லை. ஆகவே பெயர் செந்திலுடையது. ஆனால் புதன்கிழமை என்பது செந்தில் கொடுத்த வாக்கு அல்ல. அதையும் எழுதிவிட்டு, தாமதமானால் எப்போது சொல்வார் என்று அவரிடம் கேட்டுச் சேர்த்தால் வரி நியாயமாக இருக்கும்.

இவ்வளவையும் கேட்டுத் தெளிந்தபின் மெயில் இப்படி அமையும்:

```
பொருள்: ஆர்டர் 4417 – 10.11.2025 கூட்ட முடிவுகள்
       (திருத்தம் இருந்தால் செவ்வாய் காலை 11க்குள்)

வணக்கம்.
நேவி லாட் ஷேடு ஓகே ஆகும்வரை நேவி கட்டிங் கிடையாது.
அதற்குள் கிரே மெலஞ்ச் கட்டிங் நடக்கும்.

1. செந்தில்: நேவி முதல் லாட் 400 கிலோ, புதன் 12.11
   மாலைக்குள் ஃபேக்டரிக்கு. இது டையிங் சொன்ன நாள்.
   தாமதமானால் செவ்வாய் மாலை 5க்குள் சொல்வார்.
2. கவிதா: நேவி ஸ்வாட்ச்சை வியாழன் 13.11 காலை 10க்குள்
   பையிங் ஆபீசில் கொடுப்பார். பதில் வந்ததும்
   எல்லோருக்கும் மெயில் போடுவார்.
3. ராஜேந்திரன்: கிரே மெலஞ்ச் 3,000 பீஸ் கட்டிங்.
   புதன் 12.11 தொடக்கம், வெள்ளி 14.11 மாலை முடிவு.

முடிவாகாதது: மெயின் லேபிள் வரும் தேதி. யார் கேட்பது
என்பதை மேனேஜர் சார் செவ்வாய் காலை சொல்லவேண்டும்.
```

பொருள் வரியில் ஆர்டர் எண் இருப்பதால் பிறகு தேடும்போது உடனே அகப்படும். 'புதன்கிழமை', 'அடுத்த வாரம்' என்று மட்டும் எழுதாமல் தேதியையும் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். மெயிலை நான்கு நாள் கழித்துத் திறக்கிறவருக்கு எந்தப் புதன் என்று குழப்பம் வரக்கூடாது. மூன்று வரிகளிலும் வேலை எப்போது முடிந்ததாகக் கணக்கு என்பதும் தெரிகிறது. இரண்டாவது வரியில் 'ஷேடு விஷயத்தைக் கவனிப்பார்' என்று மட்டும் இருந்தால், வியாழன் மாலை அந்த வேலை முடிந்ததா என்று ஒருவராலும் சொல்லமுடியாது.

முடிவாகாததைத் தனியாக எழுதச் சிலர் தயங்குவார்கள், கூட்டத்தைக் குறை சொல்வதுபோல் இருக்குமோ என்று. எனக்கு இந்த மெயிலிலேயே அதிகப் பயனுள்ள பகுதி அதுதான் என்று தோன்றுகிறது. அதை எழுதாவிட்டால், லேபிள் வராமல் தையல் நிற்கும் நாளில்தான் அந்தப் பேச்சு அந்தரத்தில் விடப்பட்டது தெரியவரும். திங்கட்கிழமையே எழுதிவிட்டால் செவ்வாய்க்கிழமையே தீர்ந்துவிடும்.

மெயில் அன்று மாலைக்குள் போகவேண்டும். மறுநாளானால் அவரவர் நினைவில் தேதியும் அளவும் மாறத் தொடங்கும். 'டூ' வரியில் வேலை உள்ளவர்கள், மேனேஜர் உட்பட. 'சிசி'யில் தெரிந்திருந்தால் போதும் என்பவர்கள். பையரையோ பையிங் ஆபீசையோ சேர்க்காதீர்கள், இது வீட்டுக்குள் பேசியது. யாராவது "நான் சொன்னது சனிக்கிழமை" என்று பதில் போட்டால், மாறிய வரியை மேலே தனியாகக் காட்டித் திருத்திய மெயிலை எல்லோருக்கும் மறுபடி அனுப்புங்கள். சத்தமில்லாமல் மாற்றினால் இரண்டு மெயில்களில் இரண்டு தேதி நிற்கும்.

ஒரு வரம்பையும் சொல்லவேண்டும். பதில் வரவில்லை என்பதைச் சம்மதமாகச் சிறு வேலைகளுக்கு எடுத்துக்கொள்ளலாம். நேவியை வெட்டாதே என்பது போன்ற முடிவுக்கு அது போதாது. தவறான ஷேடில் வெட்டிய துணியைத் திரும்ப ரோலாக்க முடியாது. கட்டிங் மாஸ்டர்கள் பலர் மெயில் பார்ப்பதும் இல்லை. ராஜேந்திரனுடைய வரியையும் நேவியை நிறுத்திய முடிவையும் மட்டும் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு, "பாத்துட்டேனுங்க" என்று அவரிடமிருந்து ஒரு பதில் வாங்கிவிடுங்கள்.