தையல் மெஷின் இறுகினால்: பழுதா, பஞ்சா?

நமது அறக்கட்டளை மூலம் தையல் மெஷின் பெற்ற சகோதரி ஒருவர், நோன்புக்கு இரண்டு வாரம் முன்பு நம்மிடம் வந்தார். பெருநாள் துணிகள் வரத் தொடங்கிவிட்டன. ஆனால் தையல் ஒரு இடத்தில் நெருக்கமாகவும், ஒரு இடத்தில் அகலமாகவும் விழுகிறது. மோட்டார் முனகுகிறது, சூடாகிறது. மோட்டாரையே மாற்ற வேண்டும் என்று யாரோ சொல்ல, அதற்கு உதவி கேட்டுத்தான் வந்திருந்தார். நாம் மோட்டார் வாங்கவில்லை. மெஷினைத் திறந்து பார்த்தோம்.

பெரும்பாலான வீடுகளில் இருப்பது மோட்டார் பொருத்திய அதே கருப்பு மெஷின்தான் என்பதால், அன்று செய்ததை அப்படியே எழுதுகிறோம்.

முதலில் பிளக்கைக் கழற்றினோம். பிறகு பெல்ட்டையும் கழற்றி, கைச்சக்கரத்தை விரலால் சுற்றினோம். நல்ல மெஷின் என்றால் இரண்டு விரலிலேயே லேசாகச் சுற்றும். இது கை முழுவதையும் கேட்டது. அடுத்து பெல்ட் இல்லாமலேயே பிளக்கைச் செருகி மோட்டாரை மட்டும் ஓட விட்டோம். சத்தமில்லாமல் ஓடியது. அப்படியானால் கோளாறு மோட்டாரில் இல்லை; மெஷின் இறுகிப் போனதால்தான் மோட்டார் திணறுகிறது. பெல்ட் இல்லாமலும் மோட்டார் கரகரத்தாலோ, தீய்ந்த வாடை வந்தாலோ அதை மெக்கானிக்கிடம்தான் கொடுக்க வேண்டும்.

மீண்டும் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஊசியை மேலே ஏற்றி, ஊசியையும் பிரஷர் ஃபுட்டையும் எடுத்தோம். ஊசித் தகட்டின் இரண்டு திருகுகளையும் கழற்றினால், துணியை நகர்த்தும் பற்கள் தெரியும். பற்களுக்கு இடையே பஞ்சு கம்பளி போல இறுகிக் கிடந்தது. பல் துணியைப் பிடிக்க முடியாமல் வழுக்கினால் தையல் நெருக்கமாக விழும். தையல் ஏறுமாறாக விழுந்ததற்குக் காரணம் இதுதான். பழைய டூத் பிரஷால் தேய்த்து, ஊசி முனையால் நெம்பி எடுத்தோம். வாயால் ஊதக் கூடாது. பஞ்சு இன்னும் உள்ளே போகும், எச்சில் ஈரத்தில் இரும்பு துருப்பிடிக்கும்.

அடுத்தது பாபின் கேஸ். அதை எடுத்த பின், ஷட்டிலைப் பிடித்திருக்கும் இரண்டு கொக்கிகளையும் விலக்கினால் வளையமும் ஷட்டிலும் கைக்கு வரும். கழற்றுமுன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது ஷட்டில் முனை எந்தப் பக்கம் இருந்தது என்ற குழப்பம் வராது. இந்தச் சகோதரியின் மெஷினில் ஷட்டிலைச் சுற்றி நூல் துண்டுகள் முறுக்கிக் கிடந்தன, கூடவே மஞ்சள் பிசின். என்ன எண்ணெய் விட்டீர்கள் என்று கேட்டோம். தேங்காய் எண்ணெயாம். வீட்டில் இருப்பது அதுதானே! ஆனால் சமையல் எண்ணெய் எதுவானாலும் நாளடைவில் பிசினாகி இறுகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் என்றே கடையில் கேட்டு வாங்க வேண்டும். அது தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும்.

பிசினைக் கரைக்க, எண்ணெய்த் துளைகளிலும் ஷட்டில் ஓடும் பாதையிலும் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, கையாலேயே ஐந்து நிமிடம் சுற்றினோம். பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது. கறுப்பாக வடிந்ததைத் துணியால் துடைத்தோம். மண்ணெண்ணெய் இருக்கிற பசையையும் எடுத்துவிடும் என்பதால், உடனே எண்ணெய் விட்டே ஆக வேண்டும்.

மெஷினின் மேலும் பக்கத்திலும் உள்ள ஒவ்வொரு துளைக்கும் ஒரே ஒரு சொட்டு. ஊசி பொருத்தும் கம்பிக்கு ஒன்று, ஷட்டில் பாதைக்கு ஒன்று. மெஷினைப் பின்பக்கம் சாய்த்து, அடியில் இரும்போடு இரும்பு உரசும் இடங்களுக்கும் ஒவ்வொன்று. பெல்ட்டிலும், பாபின் சுற்றும் ரப்பரிலும், மேல் நூலை இறுக்கும் டென்ஷன் தட்டுகளிலும் எண்ணெய் படவே கூடாது. பெல்ட் வழுக்கும், நூல் கறைபடும்.

பெல்ட்டை மாட்டிய பின் அதன் நடுவில் விரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் உள்ளே போக வேண்டும். அதைவிட இறுக்கமாக இருந்தால் மோட்டார் மறுபடியும் முனகும்.

மறுபடி ஓட்டியபோது சத்தம் அடங்கியிருந்தது. ஆனாலும் தையலின் மேல்பக்கம் அடிநூல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. பலர் இந்த இடத்தில் டென்ஷன் திருகைத் திருப்பிக் குழப்பிக்கொள்வார்கள். நாம் பாபின் கேஸின் தகட்டுக்கு அடியில் ஒரு தாள் முனையைச் செருகி இழுத்தோம். சிறு பஞ்சுத் துணுக்கு வந்தது. அது தகட்டைத் தூக்கிப் பிடித்ததால் அடிநூல் தளர்ந்திருந்தது. இதற்கு மாறாக, துணியின் அடியில் மேல்நூல் வளையம் வளையமாக விழுந்தால் மேலே டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் பஞ்சு இருக்கிறதா என்று பாருங்கள். பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வைத்தால் தட்டுகள் விலகும். ஒரு துணி நாடாவை இடையில் விட்டு இழுத்தால் போதும்.

எண்ணெய் விட்ட அன்று வெள்ளைத் துணியைத் தொடாதீர்கள். முதலில் கழிவுத் துணியில் பத்து, பதினைந்து வரி ஓட்டி, இரவு ஒரு துண்டுத் துணியைப் பிரஷர் ஃபுட்டுக்கு அடியில் வைத்துவிடுங்கள். மிச்ச எண்ணெயை அது உறிஞ்சிக்கொள்ளும். தினமும் தைப்பவர்கள் ஒவ்வொரு நாளும் பாபின் பக்கத்தைத் துடைத்து ஷட்டிலுக்கு ஒரு சொட்டும், வாரம் ஒருமுறை எல்லாத் துளைகளுக்கும் ஒவ்வொரு சொட்டும் விட வேண்டும். அந்தச் சகோதரி வாரத்துக்கு வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொண்டார்.